மறுக்க இடம் விட்டு ரெஃபரல் கேட்பது எப்படி?

கேள்வி: நான் மென்பொருள் சோதனைத் துறையில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நான் சேர விரும்பும் நிறுவனத்தில் எனக்குப் பொருத்தமான வேலை அறிவிப்பு வந்திருக்கிறது. கல்லூரியில் எனக்கு இரண்டு ஆண்டு மூத்தவர் ஒருவர் அங்கே இருக்கிறார். துறை விழா ஒன்றில் சேர்ந்து வேலை பார்த்தோம். அதற்குப் பிறகு பேச்சில்லை. ரெஃபரல் கேட்டால், மறுக்க முடியாமல் தவிப்பாரோ என்று தயக்கமாக இருக்கிறது. கேட்காமல் விடவும் மனமில்லை. நான் எழுதி வைத்திருப்பது இது: "அக்கா, எப்படி இருக்கிறீர்கள்? என்னை நினைவிருக்கிறதா? உங்கள் நிறுவனத்தில் என் தகுதிக்கு ஏற்ற வேலை ஏதாவது இருந்தால் பரிந்துரைத்து உதவுங்கள். உங்களைத்தான் நம்பியிருக்கிறேன். ரெஸ்யூம் இணைத்திருக்கிறேன். எப்போது பேசலாம்?" இதை அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம். வேறு எழுதலாம். அதற்கு முன்னால், நீங்கள் கேட்கும் உதவி அவர் பக்கத்தில் என்ன வேலையாக மாறுகிறது என்று பார்த்துவிடுங்கள். ஆள்சேர்ப்புப் பிரிவில் இருந்துகொண்டு ரெஃபரல்களை வாங்கிப் படிப்பது என் அன்றாட வேலை. அதனால் அந்தப் பக்கத்துக் காட்சியை என்னால் சொல்ல முடியும்.

ஓரளவு பெரிய நிறுவனங்களில் ரெஃபரல் என்பது யார் காதிலாவது போட்டு வைக்கும் செய்தி அல்ல, நிரப்ப வேண்டிய ஒரு படிவம். ஊழியர் உள்தளத்தில் நுழைந்து, அறிவிப்பைத் தேடிப் பிடித்து, உங்கள் பெயர், மின்னஞ்சல், ரெஸ்யூம் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். அதோடு முடிந்தால் யாருக்கும் சங்கடம் இல்லை. பல படிவங்களில் அதற்குக் கீழே இன்னும் சில கேள்விகள் இருக்கும். இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்? சேர்ந்து வேலை செய்திருக்கிறீர்களா? இந்தப் பணிக்கு இவர் ஏன் பொருத்தமானவர்? உங்கள் மூத்தவரின் விரல் நிற்கப்போவது இந்த இடத்தில்தான். பதிலோடு அவருடைய பெயரும் பதிவாகிறது. நான் படிக்கிறேன், குழுவின் மேலாளர் படிக்கிறார். மேலாளருக்கு அவரைத் தெரியும் என்றால், நடைவழியில் நிறுத்தி "நீங்கள் அனுப்பிய ஆள் எப்படி?" என்று கேட்கவும் செய்வார். விழா மேடைக்கு நாற்காலி எடுத்துப் போட்ட நாளிலிருந்து உங்கள் சோதனைத் திறனைப் பற்றி அவரால் என்ன சொல்லிவிட முடியும்?

இது ஒரு காரணம்தான். மற்ற காரணங்கள் உங்கள் கண்ணுக்குப் படாதவை. அதே அறிவிப்புக்கு அவர் ஏற்கெனவே தன் பழைய சக ஊழியர் ஒருவரை அனுப்பியிருக்கலாம். அவரே வேறு வேலை தேடிக்கொண்டிருக்கலாம். அந்தக் குழு மேலாளருக்கும் அவருக்கும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். அந்த இடத்தை உள்ளிருப்பவர் ஒருவருக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். தேர்வுக் குழுவிலேயே அவர் இருக்கலாம். அப்படியானால் பரிந்துரைப்பது முறையாகாது. அல்லது முன்பு அனுப்பிய ஒருவர் சேர்ந்த சில மாதங்களில் விலகிப்போய், அதனால் பட்ட பேச்சு இன்னும் மனத்தில் இருக்கலாம். இவற்றில் எதையும் உங்களிடம் அவரால் மனம்விட்டுச் சொல்ல முடியாது. சொல்ல முடியாத காரணம் உள்ளவருக்கு இரண்டே வழி: பொய்ச் சாக்கு தேட வேண்டும், அல்லது பதிலே எழுதாமல் இருந்துவிட்டுக் குற்ற உணர்வோடு திரிய வேண்டும்.

ஆகவே, மறுக்க எளிதாக ஒரு வேண்டுகோளை எழுதுவது என்றால், காரணம் சொல்லாமலே அவர் விலகிக்கொள்ள ஒரு வழி அதற்குள் இருக்க வேண்டும். பணிவான சொற்களைத் தூவுவதால் அந்த வழி உண்டாகாது. வேண்டுகோளின் அமைப்பில் அது இருக்க வேண்டும்.

உங்கள் வரைவில் பணிவுக்குக் குறைவில்லை, வழிதான் இல்லை. "உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்" என்ற வரியைப் பாருங்கள். அவர் மறுத்தால் உங்கள் வேலையே போயிற்று என்கிறது அது. உண்மையில் அப்படி எதுவும் இல்லை. நீங்கள் நேரடியாக விண்ணப்பிக்கலாம். "ஏதாவது வேலை இருந்தால்" என்பது உங்கள் தேடலை அவர் தலையில் ஏற்றுகிறது. எந்த அறிவிப்பு, எந்தக் குழு, பொருந்துமா என்றெல்லாம் அவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். குறிப்பாக ஒன்றைக் கேட்டால் அந்த ஒன்றை மறுத்துவிட்டுப் போகலாம். "ஏதாவது" என்று கேட்பவரை எதைச் சொல்லி மறுப்பது? "இப்போது எதுவும் இல்லை" என்று சொன்னால் அடுத்த மாதம் மறுபடி வருவீர்கள். "எப்போது பேசலாம்?" என்பது இன்னும் கடினம். பேசுவதா வேண்டாமா என்பதைத் தாண்டி, நேரம் குறிக்கும் கட்டத்துக்கே அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

"அக்கா" என்ற விளிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்லூரியில் அப்படித்தான் கூப்பிட்டீர்கள் என்றால் அப்படியே எழுதுங்கள். இத்தனை ஆண்டு பேசாமல் இருந்துவிட்டு, உதவி தேவைப்படும் நாளில் புதிதாக அக்கா ஆக்குவதாக இருந்தால் வேண்டாம். உறவு சொல்லி அழைத்துவிட்டுக் கேட்பதை மறுப்பது நம்மவர்களுக்கு எவ்வளவு கடினம் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இனி நான் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பேன் என்று பாருங்கள். விவரங்களை உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

"வணக்கம். நான் கல்லூரியில் உங்களுக்கு இரண்டு ஆண்டு இளையவர்; துறை விழாவின் மேடை ஏற்பாட்டுக் குழுவில் உங்களோடு இருந்தேன். இப்போது பணப்பரிமாற்றச் செயலிகளுக்கான தானியங்கிச் சோதனையில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன்.

உங்கள் நிறுவனத்தின் மூத்த சோதனைப் பொறியாளர் பணிக்கு (அறிவிப்பு எண் 4417) விண்ணப்பிக்க இருக்கிறேன். அதற்கு ரெஃபரல் தர உங்களுக்குத் தோதுப்படுமா என்று கேட்கவே எழுதுகிறேன். நாம் சேர்ந்து வேலை செய்ததில்லை என்பதால், அறிமுகம் உள்ளவர் என்று மட்டும் குறிப்பிட்டாலும் எனக்குப் போதும். ரெஃபரல் சரிவராது என்றால், அந்தக் குழுவில் எந்தக் கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்ற ஒரு வரித் தகவலே பெரிய உதவி.

எப்படியிருந்தாலும் வரும் வெள்ளிக்கிழமை மாலை நிறுவனத் தளம் வழியாக விண்ணப்பித்துவிடுவேன். இப்படிப்பட்ட வேண்டுகோள்களுக்குப் பல காரணங்களால் இசைய முடியாமல் போகும் என்பதை அறிவேன். அதுவரை பதில் வராவிட்டால் இம்முறை தோதுப்படவில்லை என்று எடுத்துக்கொள்வேன். விளக்கம் எழுத வேண்டும் என்ற அவசியமே இல்லை. விரும்பினால் ரெஸ்யூம் அனுப்புகிறேன்."

இந்தக் கடிதத்தில் பாரம் தாங்குவது வெள்ளிக்கிழமை வரிதான். அதில் ஒரே நேரத்தில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. அவர் மறுத்தாலும் உங்கள் விண்ணப்பம் போகப்போகிறது என்று தெரிகிறது. ஆகவே அவர் கதவை அடைப்பவர் ஆவதில்லை. அடுத்து, பதில் எழுதாமல் இருப்பதே ஒரு முழுமையான, மரியாதையான பதில் ஆகிவிடுகிறது. மௌனமாக இருந்தவர் பிறகு எங்காவது உங்களைச் சந்தித்தால் முகம் திருப்ப வேண்டியதில்லை. அவர் எதையும் பாக்கி வைக்கவில்லை.

ஏன் உடனே விண்ணப்பித்துவிட்டுக் கேட்கக் கூடாது என்று தோன்றலாம். பல நிறுவனங்களின் முறைப்படி, ஒருவர் ஏற்கெனவே நேரடியாக விண்ணப்பித்துவிட்டால் அதே அறிவிப்புக்கு அவரை ரெஃபரலாகச் சேர்க்க இயலாது, அல்லது சேர்த்தாலும் ரெஃபரலாகக் கணக்கில் வராது. ஆகவே கேட்பது முதலில், விண்ணப்பிப்பது பிறகு. ஆனால் காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. விண்ணப்பங்கள் குவிந்ததும் அறிவிப்பை முன்கூட்டியே மூடிவிடுவது எங்கள் தொழிலில் சாதாரணம். மூன்று நான்கு வேலை நாட்களுக்கு மேல் ரெஃபரலுக்காக விண்ணப்பத்தை நிறுத்தி வைக்காதீர்கள். திங்களன்று எழுதி வெள்ளியன்று விண்ணப்பிப்பது நல்ல கணக்கு. அறிவிப்பு வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது என்றால், காத்திருக்காமல் இன்றே நேரடியாக விண்ணப்பித்துவிட்டு, அவரிடம் தகவல் மட்டும் கேளுங்கள்.

"அறிமுகம் உள்ளவர் என்று மட்டும்" என்ற வரி அடுத்தது. படிவத்தின் அந்தச் சங்கடமான கேள்விக்கு அவர் உண்மையை எழுதலாம் என்று நீங்களே முன்வந்து சொல்கிறீர்கள். ரெஃபரலில் இரண்டு வகை இருக்கிறது: பெயரைச் சேர்த்துவிடுவது ஒன்று, திறமைக்குப் பொறுப்பேற்பது மற்றொன்று. நீங்கள் கேட்டதை அவர் இரண்டாவதாகப் புரிந்துகொண்டால் தயங்குவார். முதலாவதுதான் என்று தெரிந்தால் பலர் யோசிக்காமல் செய்துவிடுவார்கள். "கல்லூரியில் எனக்கு இளையவர், சேர்ந்து பணியாற்றியதில்லை, அனுபவம் அறிவிப்புக்குப் பொருந்துகிறது" என்று எழுதி வரும் ரெஃபரல்களை நான் தாழ்வாகப் பார்ப்பதில்லை. ரெஸ்யூமைத் திறந்து பார்ப்பேன். பழக்கமே இல்லாத ஒருவரை "மிகச் சிறந்த பொறியாளர்" என்று புகழ்ந்து வரும் குறிப்புதான், அதை எழுதியவரின் அடுத்த ரெஃபரலுக்கும் சேர்த்து மதிப்பைக் குறைக்கிறது.

சின்ன மாற்று ஒன்றை முன்வைப்பதும் இதே நோக்கத்துக்காகத்தான். வெறுங்கையோடு அனுப்புவது யாருக்கும் கசக்கும். ரெஃபரல் தர முடியாதவர் ஒரு வரித் தகவலைத் தந்துவிட்டு, உதவினோம் என்ற நிறைவோடு விலகிக்கொள்வார். ஆனால் மாற்று உண்மையிலேயே சின்னதாக இருக்க வேண்டும். "ரெஃபரல் முடியாவிட்டால் அரை மணி நேரம் பேசுங்கள்" என்றால் ரெஃபரலே தேவலை என்று ஆகிவிடும்; படிவம் ஐந்து நிமிட வேலை. "முடியாவிட்டால் வேறு யாரையாவது கைகாட்டுங்கள்" என்பதும் சின்ன உதவி அல்ல. தான் செய்யத் தயங்கியதைச் சக ஊழியரிடம் கேட்க வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளுகிறீர்கள்.

ரெஸ்யூமை முதல் கடிதத்தோடு இணைக்காமல் விட்டதைக் கவனித்திருப்பீர்கள். இதில் என் சக ஊழியர்களே என்னோடு உடன்பட மாட்டார்கள். இணைத்தால் அவருக்கு ஒரு வேலை மிச்சம் என்பது அவர்கள் வாதம், அதில் நியாயம் உண்டு. இருவரும் நன்றாகப் பழகியவர்கள் என்றால் இணைத்தே அனுப்பலாம். உங்கள் நிலையில், இணைத்த கோப்பு "முடிவு ஆகிவிட்டது, ஏற்றிவிடுங்கள்" என்று சொல்வதுபோல் இருக்கும். கேட்டால் அனுப்புகிறேன் என்று விட்டால், ரெஸ்யூம் கேட்பதே அவர் இசைவின் முதல் அடையாளமாகிவிடும். எனக்கு இந்த முறையே பிடிக்கும்.

"மறுப்பதும் உங்கள் விருப்பம்" என்ற ஒரு வரியைச் சேர்த்தால் போதாதா என்றால், அந்த வரிக்கு ஒரு வேடிக்கையான குணம் உண்டு. 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் பிரான்சைச் சேர்ந்த நிக்கோலா கெகன், அலெக்சாந்தர் பாஸ்குவால் இருவரும், முன்பின் தெரியாதவர்களிடம் பஸ்ஸுக்குச் சில்லறை கேட்டுப் பார்த்தார்கள். சும்மா கேட்டபோது பத்தில் ஒருவர் கொடுத்தார். கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம் என்று சேர்த்துச் சொன்னபோது ஏறக்குறைய பாதிப் பேர் கொடுத்தார்கள். அதாவது சுதந்திரத்தை நினைவூட்டும் சொல், இசைவைக் கூட்டுகிறது. விற்பனைப் பயிற்சிகளில் இதை ஒரு உத்தியாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் அந்த வரி மட்டும் இருந்து, மற்ற எல்லாம் நெருக்கடி கொடுப்பதாக இருந்தால் அதுவும் உத்தியே. வரியை நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். அப்போதும் அவரால் எளிதாக விலக முடிகிறதா? மேலே உள்ள மாதிரியில் அந்த வரி இல்லாமலே அது நடக்கிறது.

கேட்பவருக்கு இன்னொரு குருட்டுப் புள்ளியும் உண்டு. மறுப்பது எதிராளிக்கு எவ்வளவு சங்கடமான காரியம் என்பதைக் கேட்பவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று வனெசா போன்ஸ் என்ற உளவியல் ஆய்வாளரின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நேருக்கு நேர் கேட்கும்போது அந்தச் சங்கடம் மிக அதிகம், எழுத்தில் கேட்கும்போது குறைவு. ஆகவே தொலைபேசியில் அழைக்காதீர்கள். முன்னாள் மாணவர் கூட்டத்தில் ஓரமாக நிறுத்திக் கேட்காதீர்கள். அங்கே ஆம் என்ற பதில் அதிகம் கிடைக்கும், உண்மைதான். அந்த ஆம்களில் எத்தனை படிவமாகின்றன என்பதுதான் விஷயம். முகத்துக்காகச் சொன்ன ஆமாம், வீட்டுக்குப் போனதும் "மறந்துவிட்டேன்" ஆகிவிடும். நீங்களோ அதை நம்பி விண்ணப்பிக்காமல் இருப்பீர்கள். எளிதில் மறுக்க முடிவது அவருக்கு மட்டும் நன்மை என்று நினைக்காதீர்கள். வராத ரெஃபரலுக்காக மூன்று வாரம் காத்திருந்து அறிவிப்பைத் தவறவிட்டவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

எழுத்திலும் எந்த வழியில் அனுப்புவது என்று யோசியுங்கள். லிங்க்ட்இனில் ஏற்கெனவே இணைந்திருந்தால் அங்கே தனிச் செய்தி அனுப்புங்கள்; இல்லையென்றால் அவருடைய சொந்த மின்னஞ்சல். அலுவலக மின்னஞ்சலுக்கு எழுத வேண்டாம். அது நிறுவனத்தின் சொத்து, அங்கே "எனக்கு ரெஃபரல் தாருங்கள்" என்ற கடிதம் வந்து கிடப்பதை எல்லோரும் விரும்புவதில்லை. கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயரைக் குறிப்பிட்டுக் கேட்பதைப் போன்ற தவறு வேறில்லை, இருநூறு பேர் பார்க்க யாரும் மறுக்க மாட்டார்கள். தனி வாட்ஸ்அப்பும் எனக்குப் பிடித்தமில்லை. நீலக் குறி விழுந்துவிட்டால், படித்தும் பதில் எழுதவில்லை என்ற கணக்கு இருவர் மனத்திலும் ஓடத் தொடங்கிவிடும். பொதுவான தோழி மூலம் சொல்லி வைப்பதும் வேண்டாம். அவர் பிறகு மறுக்க வேண்டியது இரண்டு பேரை.

அனுப்பியாயிற்று. இனி வரக்கூடிய பதில்களில் தெளிவான ஆமாம், தெளிவான இல்லை இரண்டும் எளிது. சிக்கல் "பார்க்கிறேன்", "ரெஸ்யூம் அனுப்பி வையுங்கள்" ஆகியவற்றில்தான். இவை பாதி இசைவாகவும் இருக்கலாம், நாகரிகமான மறுப்பாகவும் இருக்கலாம். கேட்டு அறிந்துகொள்ள முயன்றால் அவரை மூலையில் நிறுத்திவிடுவீர்கள். கேட்காமலே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. இசைந்தவர் விவரம் கேட்பார்: எந்த மின்னஞ்சல் முகவரியைப் போடுவது, எப்போது வேலையில் சேர முடியும், இடம் மாறத் தயாரா. படிவத்தில் அந்தக் கட்டங்கள் இருப்பதால் கேட்டுத்தான் ஆக வேண்டும். அவர் படிவத்தை அனுப்பியதும், பெரும்பாலும் நிறுவனத்தின் அமைப்பிலிருந்து உங்களுக்குத் தானாகவே ஒரு மின்னஞ்சல் வரும். அதில் உள்ள இணைப்பு வழியாகத்தான் நீங்கள் விண்ணப்பத்தை முடிக்க வேண்டியிருக்கும். வேண்டாத அஞ்சல் பெட்டியையும் பாருங்கள். அந்த இணைப்புகள் சில நாட்களில் காலாவதியாவதுண்டு. விவரமும் கேட்கவில்லை, மின்னஞ்சலும் வரவில்லை என்றால் வெள்ளிக்கிழமை மாலை சொன்னபடி விண்ணப்பித்துவிடுங்கள்.

"ரெஸ்யூம் அனுப்பி வையுங்கள்" என்றவருக்கு அனுப்பும்போது, அதோடு அவர் அப்படியே எடுத்து ஒட்டக்கூடிய நான்கு வரிகளையும் சேர்த்துவிடுங்கள். கல்லூரியில் இளையவர், துறை விழாக் குழுவில் சேர்ந்து இருந்தோம், சேர்ந்து பணியாற்றியதில்லை, நான்கு ஆண்டு தானியங்கிச் சோதனை அனுபவம், அறிவிப்பு கேட்கும் இன்ன இன்ன வேலைகளை இன்ன திட்டத்தில் செய்திருக்கிறார். இதில் மிகைப்படுத்தாதீர்கள். "சேர்ந்து பணியாற்றினோம்" என்று அவரை எழுதவைத்து, நேர்காணலில் அது பொய் என்று தெரிந்தால், உங்களுக்குப் போவது ஒரு வாய்ப்பு. அவருக்குப் போவது தினமும் போய் உட்காரும் இடத்தில் உள்ள நம்பிக்கை.

பல நிறுவனங்களில் ரெஃபரல் மூலம் வந்தவர் சேர்ந்து குறிப்பிட்ட காலம் நிலைத்தால் பரிந்துரைத்தவருக்கு ஊக்கத்தொகை கிடைக்கும். "உங்களுக்கும் லாபம்தானே" என்ற தொனியில் அதை எழுத்தில் கொண்டுவராதீர்கள். அவருக்கே அது தெரியும். நீங்கள் சொன்னால் உதவி பேரமாகிவிடும்.

மறுத்து எழுதினால் இரண்டு வரியில் முடியுங்கள்: "சொன்னதற்கு மிக்க நன்றி, முழுவதும் புரிகிறது. நேரடியாக விண்ணப்பிக்கிறேன்." அந்தப் பதிலில் கேள்விக்குறி எதுவும் இருக்கக் கூடாது. "வேறு குழுவில் முடியுமா?", "ரெஸ்யூமில் ஏதாவது குறையா?" என்று கேட்ட நொடியில், அவர் தப்பித்து வந்த இடத்துக்கே திரும்ப அழைக்கிறீர்கள். பதிலே வராவிட்டால் நினைவூட்டாதீர்கள். வேறு விஷயங்களில் ஒரு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டுங்கள் என்று நானே சொல்வேன். இங்கே மௌனத்தை மறுப்பாக எடுத்துக்கொள்வேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். நினைவூட்டல் அனுப்பினால் அந்த வாக்கு வெறும் அலங்காரம் என்று தெரிந்துவிடும். ஆறேழு மாதம் கழித்து அங்கே வேறு அறிவிப்பு வந்தால் புதிதாக எழுதலாம். பழையதைக் குறிப்பிட வேண்டியதில்லை.

இசைந்தவரிடமும் நச்சரிக்காதீர்கள். ரெஃபரல் செய்வது இவ்வளவுதான்: உங்கள் ரெஸ்யூம் ஒரு மனிதரால் படிக்கப்படும் வாய்ப்பு கூடும். நேர்காணல் உறுதியில்லை. பரிந்துரைத்தவருக்கு உள்தளத்தில் தெரிவது பெரும்பாலும் "பரிசீலனையில்" என்ற ஒற்றைச் சொல்தான். வாரம் ஒரு முறை "என்ன ஆயிற்று?" என்று கேட்டால் அவர் போய் ரெக்ரூட்டரிடம் நிற்க வேண்டும். நிலவரம் மாறினால் நீங்கள் அவருக்குச் சொல்லுங்கள், நேர்காணலுக்கு அழைத்தாலும் நிராகரித்தாலும்.

அதே நிறுவனத்தில் உங்கள் கல்லூரிக்காரர் இன்னொருவரும் இருந்தால், இருவருக்கும் ஒரே நேரத்தில் எழுதாதீர்கள். பொதுவாக முதலில் வந்த ரெஃபரல்தான் ஏற்கப்படும். இரண்டாமவர் படிவத்தை நிரப்பி முடிக்கும்போது "இவர் ஏற்கெனவே பரிந்துரைக்கப்பட்டவர்" என்று அமைப்பு சொல்லும். யாரால் என்றும் அவர் விசாரித்துவிடுவார். அறிவிப்பு புதிது என்றால் முதலாமவருக்குத் திங்களிலிருந்து புதன் வரை அவகாசம் கொடுத்து, கடிதத்தில் புதன் என்றே எழுதுங்கள். பதில் இல்லாவிட்டால் வியாழனன்று இரண்டாமவருக்கு எழுதலாம். முதலாமவரைக் கேட்டதாக அவரிடம் சொல்லாதீர்கள். முதலாமவர் ஓசையில்லாமல் விலகியதை நீங்கள் வெளியே சொல்வதாகிவிடும்.

கடைசியாக, நேரடி விண்ணப்பத்தில் நீங்களே இடறக்கூடிய ஒரு கட்டம். "எங்கள் ஊழியர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?" என்று சில படிவங்கள் கேட்கும். ரெஃபரலுக்கு இசையாத, அல்லது பதில் எழுதாத மூத்தவரின் பெயரை அங்கே போட்டுவிடாதீர்கள். நாங்கள் அந்தப் பெயரைப் பார்த்ததும் அவரையே அழைத்துக் கேட்போம்.